ஓர்லிக் கேட்ட அரைநாள் லீவு: ஒரு டிக்கன்ஸ் நாவலை வர்க்க நோக்கில் எழுதுவது

கேள்வி: "பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் சிறப்புப் பாடமாகச் செய்கிறேன். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை வர்க்க நோக்கில் ஆராய்ந்து 3000 சொல்லில் கட்டுரை எழுதவேண்டும். என் முதல் வரைவைப் பார்த்துவிட்டு, 'பாத்திரங்களைப் பணக்காரர், ஏழை என்று பிரித்ததற்கு மேல் இதில் ஒன்றுமில்லை' என்று எழுதித் தந்துவிட்டார்கள். நான் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அந்த அனுபவத்தை இதில் கொண்டுவரலாமா? எங்கிருந்து தொடங்குவது?"

அந்தக் குறிப்பு உங்களுக்குக் கசப்பாக இருந்திருக்கும். ஆனால் அதில் ஒரு நல்ல வழிகாட்டல் இருக்கிறது. ஒருவரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை வைத்து வர்க்கத்தைச் சொல்ல முடியாது. வேலை செய்யும் இடம் யாருடையது, கருவி யாருடையது, உழைப்பை யார் யாருக்கு விற்கிறார், விளைந்தது யார் கைக்குப் போகிறது என்று கேட்டால்தான் வர்க்கம் கண்ணுக்குத் தெரியும். அது ஒரு உறவு. ஆட்கள்மேல் ஒட்டும் பெயர்ச்சீட்டு ஆகாது. ஹட்டனில் பல வருடமாக ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். இந்த நாவலைப் பற்றி என் மேசைக்கு வரும் கட்டுரைகளில் அநேகமானவை ஒரே பாதையில் போகும். பணக்காரி மிஸ் ஹவிஷாம் மேல்வர்க்கம், கொல்லன் ஜோ பாட்டாளி, ஜோவின் வீட்டில் வளரும் அவர் மனைவியின் தம்பி பிப் நடுவில் தத்தளிப்பவன், கடைசியில் பணத்தைவிட அன்பு பெரிது என்று அவன் உணர்கிறான். இதில் வர்க்கம் என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கும். அதுதான் சிக்கல்.

முதலில் ஜோவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். ஜோ கார்ஜரியின் கைகள் கரி படிந்தவை, எழுத்து வாசிப்பு சரியாக வராது, லண்டனுக்கு வந்தால் தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்கிறார். ஆகவே அவர் தொழிலாளி வர்க்கம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஜோ யாரிடமும் கூலிக்குப் போகவில்லை. கொல்லுப்பட்டறையை நடத்துவது அவர், உலையும் சம்மட்டியும் அவருடையவை, வேலை கொண்டுவருகிறவர்கள் அவருக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அவர் சிறு கைத்தொழில் முதலாளி. இதைச் சொன்னால் ஜோவின் நல்ல குணம் எந்த விதத்திலும் குறையாது. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் அதே பட்டறையில் நிற்கும் இன்னொருவரை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள்.

அவர் பெயர் ஓர்லிக். 15ஆம் அத்தியாயத்தில்தான் முதன்முதலாக வருகிறார். ஜோ அவரை வாரக் கூலிக்கு வைத்திருந்தார் என்று நாவல் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் அந்த வரியைத் தாண்டிப் போகமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் முழுநாள் நின்றவளுக்கும் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும் என்று கேட்டு வளர்ந்தவருக்கு, நாளும் கூலியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. உங்கள் அனுபவத்துக்குக் கட்டுரையில் இருக்கும் முதல் வேலை இதுதான். எந்த வரியில் நிற்கவேண்டும் என்று அது காட்டித்தரும். நின்ற பிறகு சொல்லும் வாதத்துக்கு ஆதாரம் நாவலிலிருந்துதான் வரவேண்டும்.

சரி, அந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது? பிப் ஜோவிடம் தொழில் பழகும் பையனாக ஒப்பந்தமாகியிருக்கிறான். அதற்காக மிஸ் ஹவிஷாம் 25 கினி கொடுத்திருக்கிறார். அவரைப் போய்ப் பார்க்க பிப் அரைநாள் லீவு கேட்கிறான். உண்மையில் அவன் மனதில் இருப்பது மிஸ் ஹவிஷாம் வளர்க்கும் பெண் எஸ்டெல்லா. ஜோ சம்மதிக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஓர்லிக் சம்மட்டியில் சாய்ந்தபடி, ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டாதீர்கள், அவனுக்கு லீவு என்றால் எனக்கும் லீவு வேண்டும் என்கிறார். லீவு கிடைத்தால் நீ என்ன செய்வாய் என்று ஜோ கேட்கிறார். அவன் என்ன செய்வானோ அதையே நானும் செய்வேன் என்று ஓர்லிக் திருப்பிச் சொல்கிறார். கொஞ்சம் முரண்டு பிடித்த பிறகு, பொதுவாக நீ ஒழுங்காக வேலை செய்கிறவன், ஆகவே எல்லாருக்கும் அரைநாள் லீவு என்று ஜோ தீர்ப்புச் சொல்கிறார். அப்போது முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜோவின் மனைவி ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார். இப்படிப்பட்ட சோம்பேறித் தடியர்களுக்கு லீவு கொடுத்துக் கூலியை வீணாக்க நீங்கள் பெரிய பணக்காரரோ என்று கணவனைக் கேட்கிறார். வாய்த்தகராறு முற்றி, ஜோ ஓர்லிக்கை அடித்து வீழ்த்துகிறார். அன்று இரவே ஜோவின் மனைவி பின்மண்டையில் தாக்கப்பட்டுப் பேச்சிழந்து விழுகிறார்.

இந்தக் காட்சியை வைத்தே உங்கள் கட்டுரையின் முதல் ஆயிரம் சொல்லை எழுதலாம். கேட்கப்படும் பொருள் ஒன்றுதான்: அரைநாள். கேட்பவர்கள் இருவர், நிற்பது ஒரே பட்டறையில். ஆனால் பிப்பின் லீவால் யாருக்கும் காசு குறையாது, ஏனென்றால் அவனுக்குக் கூலி கிடையாது, அவனுக்கான காசு முன்கூட்டியே வந்துவிட்டது. ஓர்லிக்கின் லீவில்தான் கூலி 'வீணாகிறது'. ஜோவின் மனைவி வாயில் வருவது முதலாளியின் கணக்கு. இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிப் தொழில் பழக வந்தபோது, தன் இடத்தை இவன் பிடித்துக்கொள்வான் என்ற சந்தேகம் ஓர்லிக்குக்கு உறுதிப்பட்டிருக்கலாம், அதனால் என்னை இன்னும் வெறுத்தான் என்று பிப்பே சொல்கிறான். இந்தச் சந்தேகத்தில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. கூலியில்லாமல் வேலை கற்ற ஒரு பையன் கையில் இருந்தால் வாரக் கூலிக்கு ஆள் எதற்கு? ஓர்லிக்கின் கோபத்துக்கு ஒரு பொருளாதாரக் காரணத்தை நாவல் கொடுக்கிறது. கொடுத்த கையோடு 'இருக்கலாம்' என்ற சொல்லால் அதை மங்கவும் வைக்கிறது. இப்படி ஒரு சொல்லைப் பிடித்து நிற்பதைத்தான் உயர்நிலைக் கட்டுரையில் எதிர்பார்க்கிறார்கள்.

அப்புறம் இந்த நூலைப் பிடித்துக்கொண்டே போங்கள். 29ஆம் அத்தியாயத்தில் ஓர்லிக் மிஸ் ஹவிஷாமின் வீட்டு வாசலில் காவலாளியாக நிற்கிறார். அடுத்த அத்தியாயத்தில், இந்த ஆள் அந்த இடத்துக்குத் தகுந்தவனில்லை என்று பிப் வக்கீல் ஜாகர்ஸிடம் சொல்ல, வேலை போகிறது. 53ஆம் அத்தியாயத்தில், சதுப்பு நிலத்துச் சுண்ணாம்புச் சூளைப் பக்கம் பிப்பைக் கட்டிப்போட்டுக் கொல்லப்போகும் ஓர்லிக், கணக்கை முழுதாக எடுத்துச் சொல்கிறார். அந்த இடத்தை எனக்கு இல்லாமல் செய்தவன் நீ. உன் அக்காவை அடித்தது நான்தான், ஆனால் அதற்குக் காரணம் நீ. உனக்குச் சலுகை கிடைத்தது, எனக்கு ஏச்சும் அடியும் கிடைத்தது என்கிறார். இது ஒரு கொலைகாரனின் வாயில் வரும் பேச்சு. ஆனால் பட்டறைக் காட்சியைக் கவனமாக வாசித்தவருக்கு, அதில் சொல்லப்படும் நிகழ்வுகள் பொய்யில்லை என்று தெரியும்.

இங்கே உங்களுக்கு ஒரு பெரிய கேள்வி கிடைக்கிறது. பிப்புக்கும் மனக்கசப்பு உண்டு. 8ஆம் அத்தியாயத்தில் எஸ்டெல்லா அவனுடைய கரடுமுரடான கைகளையும் கனத்த சப்பாத்தையும் பார்த்துச் சிரித்தபோது தொடங்கிய கசப்பு அது. அதை நாவல் எத்தனை அத்தியாயங்களுக்கு உள்ளிருந்து காட்டுகிறது! அவனுடைய வெட்கம், அழுகை, இரவு நினைவுகள், குற்ற உணர்வு எல்லாம் நமக்குத் தெரியும். ஓர்லிக்கின் கசப்பு அதே பட்டறையில், அதே சமத்துவமின்மையில் பிறந்தது. அதற்கு உள்பக்கமே இல்லை. அது குனிந்த நடையாகவும் பதுங்கும் உருவமாகவும் கடைசியில் சம்மட்டியாகவும் மட்டுமே வருகிறது. காரணம், கதை முழுவதையும் 'நான்' என்று சொல்கிறவன் பிப். அதிலும் சொல்லும்போது அவன் வெளிநாட்டு வியாபாரக் கம்பனி ஒன்றில் பங்காளியாகிவிட்டவன். யாருடைய மனக்கசப்புக்கு ஆத்மா கொடுக்கப்படுகிறது, யாருடையது வெறும் வன்மமாக விடப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது கதையைச் சொல்லும் முறைதான். வர்க்கம் நாவலின் பேசுபொருளில் மட்டும் தங்கியிருக்கவில்லை, அதன் வடிவத்திலும் இருக்கிறது என்று நீங்கள் காட்டக்கூடிய இடம் இது. உங்கள் முதல் வரைவில் இல்லாமல் போனதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதில் எது உறுதி, எது நம் வாசிப்பு என்று பிரித்துக்கொள்வது முக்கியம். வாரக் கூலி, 25 கினி, லீவுத் தகராறு, வேலை போனது, சூளையில் சொன்ன குற்றச்சாட்டு: இவை பக்கத்தில் அச்சாகியிருப்பவை, இவற்றோடு யாரும் மல்லுக்கட்ட முடியாது. ஓர்லிக்குக்கு உள்மனம் கொடுக்கப்படவில்லை என்பதும் பக்கங்களைப் புரட்டிச் சரிபார்க்கக்கூடியதே. கூலியாளின் கோபத்தை வில்லத்தனமாக மாற்றி வைத்ததன்மூலம் நாவல் ஒரு வர்க்கப் பயத்தைக் கையாள்கிறது என்பது நம் வாசிப்பு. அது வலுவானதுதான், ஆனால் வாசிப்பு. அதை 'இவ்வாறு வாசிக்கலாம்' என்ற நடையில் எழுதுங்கள். டிக்கன்ஸ் தொழிலாளரை வெறுத்தார் என்று ஒரு படி தாண்டினால் கட்டுரை அங்கேயே விழுந்துவிடும். 12 வயதில் சப்பாத்து மைத் தொழிற்சாலையில் மைச் சாடிகளுக்குச் சீட்டு ஒட்டி நின்றவர் அவர். தகப்பன் கடனுக்காகச் சிறையில் இருந்தார். அவருடைய அனுதாபம் எந்தப் பக்கம் என்பதை நாவலே ஜோவின்மூலம் சொல்லிவிடுகிறது. எழுத்தாளரின் அனுதாபம் ஒரு பக்கம் நிற்க, நாவலின் அமைப்பு இன்னொரு பக்கம் போவது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்குக் கோட்பாட்டுத் துணையாக எங்கெல்ஸ் 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதம் போதும். பிரெஞ்சு நாவலாசிரியர் பல்ஸாக் அரசியலில் முடியாட்சிப் பக்கம் நின்றவர், ஆனாலும் அவருடைய யதார்த்தம் அவருடைய சொந்த அனுதாபத்துக்கு எதிராகவே போனது என்று அதில் சொல்கிறார். நீங்கள் இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம்: டிக்கன்ஸின் அனுதாபம் ஏழையின் பக்கம், ஆனால் கதைசொல்லும் முறை அந்த அனுதாபத்தை எல்லாக் கூலியாளுக்கும் பங்கிடவில்லை. நாவல் சொல்லாமல் விடும் இடங்களை ஆராய பிரெஞ்சு மார்க்சியச் சிந்தனையாளர் பியேர் மாஷ்ரேயின் மௌனம் பற்றிய கருத்து உதவும். இந்த இரண்டுக்கு மேல் வேண்டாம். அடித்தளம், மேற்கட்டுமானம், அந்நியமாதல், மேலாண்மை என்று கைலாசபதி, சிவத்தம்பி எழுத்துக்களில் நாம் பழகிய சொற்களையெல்லாம் முன்னுரையில் இறக்கிவைத்துவிட்டு, பிறகு நாவலுக்குள் போகும்போது ஒன்றையும் பயன்படுத்தாமல் விடுகிற கட்டுரைகளை நிறையப் பார்க்கிறேன். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. கோட்பாட்டுப் பந்தியை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். ஒரு வாதமும் தளரவில்லை என்றால் அந்தப் பந்தி அலங்காரத்துக்கு இருந்தது என்று அர்த்தம். அதே எங்கெல்ஸ் 1890இல் பிளொக்குக்கு எழுதிய கடிதத்தில், பொருளாதாரம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று திரிப்பவர்கள் அந்தக் கருத்தை அர்த்தமற்றதாக்குகிறார்கள் என்றும் எச்சரித்திருக்கிறார். எஸ்டெல்லாமேல் பிப்புக்கு உள்ள காதலை 'வர்க்க ஆசை' என்று ஒரே வரியில் முடிக்கத் தோன்றும்போது அந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதி பணத்தின் பாதை. பட்டறையில் பிப்பின் விலை 25 கினி. 18ஆம் அத்தியாயத்தில் ஜாகர்ஸ் வந்து, பெயர் சொல்லாத ஒருவரின் பணத்தில் பிப் கனவானாக வளர்க்கப்படப்போகிறான் என்று அறிவித்து, பையனின் சேவையை இழப்பதற்கு ஈடாக ஜோவுக்குப் பணம் தர முன்வருகிறார், ஜோ மறுக்கிறார். பட்டறைக்கு வந்த அந்தச் சின்னப் பிள்ளையை இழப்பதற்குப் பணம் ஈடாகுமா என்ற அவருடைய பேச்சு பாதியிலேயே உடைகிறது. 39ஆம் அத்தியாயத்தில், பிப்பைக் கனவானாக்கிய பணத்தை அனுப்பியவன் நாடுகடத்தப்பட்ட கைதி மேக்விச் என்று தெரியவருகிறது. நீ வழுவழுவென்று வாழ நான் கரடுமுரடாக வாழ்ந்தேன், நீ வேலைக்கு மேலே இருக்க நான் கடினமாக வேலை செய்தேன் என்கிறான் அவன். எல்லாரும் இந்த வரியை மேற்கோள் காட்டுவார்கள், நீங்களும் காட்டுங்கள். ஆனால் அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று இருக்கிறது. இவன் கைதியாக இருந்தவன், படிப்பறியாத சாதாரண ஆள் என்று குடியேற்றக்காரர்கள் பேசிக்கொண்டபோது அவன் தனக்குள் சொல்லிக்கொண்டது: உங்களிடம் மாடும் நிலமும் இருக்கலாம், லண்டனில் வளர்த்தெடுத்த ஒரு கனவான் உங்களில் யாரிடம் சொந்தமாக இருக்கிறான்? அடிமட்டத்தில் கிடந்தவன் தன் அன்பைச் சொல்லவும் உடைமையின் மொழியைத்தான் கையில் எடுக்கிறான். ஜோ விலை போட மறுத்த அதே பையன் இங்கே சொத்தாகிறான். இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து எழுதினால், பணம் கெட்டது, அன்பு நல்லது என்ற எளிய முடிவிலிருந்து தப்பிக்கலாம். மேக்விச்சின் அன்பு உண்மையானது, அதே சமயம் அது உடைமையும் கூட.

மேக்விச் தன் பணத்தைத் தன் உழைப்பு என்றுதான் சொல்கிறான். நாவலைக் கொஞ்சம் நெருங்கி வாசியுங்கள். முதலில் அவன் தனிக் குடிசையில் கூலிக்கு ஆடு மேய்த்தவன். அவனுடைய எஜமானும் அவனைப்போலவே கைதியாக வந்தவர். இறக்கும்போது அவர் விட்டுப்போன பணம் இவன் கைக்கு வருகிறது. விடுதலை கிடைத்ததும் சொந்தமாக ஆட்டுப்பண்ணை, கால்நடை வளர்ப்பு என்று பெருகுகிறான். அந்த மந்தைகளை மேய்த்தது யார்? நிலம் யாருடையதாக இருந்தது? நாவல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நியூ சவுத் வேல்ஸில் கைதிகளைக் குடியேற்றக்காரருக்கு வேலைக்கு ஒதுக்கிக்கொடுத்ததும், மேய்ச்சல் நிலங்கள் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை என்பதும் வரலாறு. ஆனால் மேக்விச்சின் பண்ணையில் இன்னார் வேலை செய்தார்கள் என்று நீங்கள் எழுத முடியாது. நாவல் அதைத் தரவில்லை. தரவில்லை என்பதையே புள்ளியாக்கலாம். பிப்பின் பணத்துக்குப் பின்னால் மேக்விச் மறைந்திருந்தான், அதை வெளிக்கொண்டுவருவதுதான் கதையின் பெரிய திருப்பம். மேக்விச்சின் பணத்துக்குப் பின்னால் இருப்பவர்களை நாவல் வெளிக்கொண்டுவருவதில்லை.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம், ஏனென்றால் நாவலே அங்கே வருகிறது. 22ஆம் அத்தியாயத்தில் பிப்பின் லண்டன் நண்பன் ஹேர்பேட் பொக்கெட் தன் எதிர்காலத் திட்டத்தை பிப்புக்குச் சொல்கிறான். அப்போது அவன் ஒரு கணக்கு அலுவலகத்தில் சம்பளமே இல்லாமல் நிற்கிறான். கிழக்கிந்தியாவிலிருந்து பட்டும் சால்வையும் வாசனைத் திரவியமும், மேற்கிந்தியாவிலிருந்து சீனியும் புகையிலையும் ரம்மும் வாங்கி வியாபாரம் செய்யப்போகிறானாம். இலங்கையோடும் வியாபாரமாம், குறிப்பாக யானைத் தந்தத்துக்காக. இந்த வரியை வாசித்துவிட்டு, டிக்கன்ஸ் எங்கள் தோட்டத் தொழிலாளரை மறந்துவிட்டார் என்று எழுதக் கை துடிக்கும். பொறுங்கள். இங்கே காலங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். நாவல் வெளிவந்தது 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை, வாரத் தொடராக. கதை நடப்பது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு. ஹேர்பேட் கனவு காணும் காலத்தில் மலையகத்தில் பெருந்தோட்டமே பரவியிருக்கவில்லை. டிக்கன்ஸ் எழுதும் காலத்திலோ கண்டிச் சீமை முழுக்கக் கோப்பித் தோட்டம், தமிழ்நாட்டிலிருந்து காடுமேடாக நடந்துவந்த நம் ஆட்கள் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். தேயிலை பெருந்தோட்டப் பயிராக இன்னும் வரவில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்டது 1867இல். ஆகவே 'தேயிலைத் தோட்டத்து உழைப்பை நாவல் மறைக்கிறது' என்று எழுதினால் பரீட்சகர் ஒரே கோட்டில் அடித்துவிடுவார்.

எழுதக்கூடியது வேறு. பட்டியலில் பொருட்கள் இருக்கின்றன, அவற்றை உண்டாக்கியவர்கள் இல்லை. சீனி இருக்கிறது, கரும்பு வெட்டியவன் இல்லை. தந்தம் இருக்கிறது, அதைக் கொண்டுவந்தவன் இல்லை. நாவல் இந்தப் பட்டியலை லேசான கேலியோடுதான் சொல்கிறது, ஹேர்பேட்டின் கையில் ஒரு சல்லியும் இல்லை என்று நமக்குத் தெரியும். ஆனால் கதை முடியும்போது கேலி நிஜமாகிவிடுகிறது. பிப் இரகசியமாகப் பணம் போட்டு ஹேர்பேட்டை ஒரு வியாபாரக் கம்பனியில் பங்காளியாக்குகிறான். மேக்விச்சின் சொத்து முழுக்க அரசுடைமையாகிப் போன பிறகு, பிப் அதே கம்பனிக்குக் கணக்கனாகக் கெய்ரோவுக்குப் போய், பின்னர் தானும் பங்காளியாகிறான். பெரிய வியாபாரமில்லை, ஆனால் நல்ல பெயர் இருந்தது, லாபத்துக்காக உழைத்தோம், நன்றாகவே இருந்தோம் என்று 58ஆம் அத்தியாயத்தில் சொல்கிறான். இதைக் குற்றவாளியின் பணத்திலிருந்து நேர்மையான உழைப்புக்கு வந்த மீட்சி என்று வாசிப்பது வழமை. அந்தக் கம்பனி கிழக்கில் என்ன வாங்கி விற்றது, லாபம் எதிலிருந்து வந்தது என்று நாவல் சொல்வதில்லை. முதல் பாதியில் 'உன் பணம் எங்கிருந்து வந்தது' என்று விடாமல் கேட்ட நாவல், கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் நிறுத்திக்கொள்கிறது. உங்கள் கட்டுரையின் ஆய்வுரை வாக்கியம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உதாரணத்துக்கு இப்படி வைக்கலாம்: "கனவானின் பணத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை வெளிப்படுத்துவதையே தன் கதைத் திருப்பமாகக் கொண்ட இந்த நாவல், ஓர்லிக்கின் கூலியிலும் கெய்ரோவின் லாபத்திலும் அதே வெளிப்படுத்தலை நிறுத்திவிடுகிறது, எங்கே நிறுத்துகிறது என்பதைக் கதைசொல்லியின் வர்க்க நிலையே தீர்மானிக்கிறது." இதை மறுக்க முடியும், அதனால்தான் இது வாதம். நாவல் வர்க்க வேறுபாட்டைக் காட்டுகிறது என்ற வாக்கியத்தை யாராலும் மறுக்க முடியாது, ஆகவே அதை நிரூபிக்க 3000 சொல் தேவையில்லை.

இலங்கை வரி முழு நாவலிலும் ஒரு சின்ன வரி. கட்டுரையை அதன்மேல் கட்டாதீர்கள். ஹேர்பேட்டின் பட்டியலைப் பேசும் பந்தியில் மூன்று நான்கு வாக்கியம் கொடுங்கள், அந்த இடத்தில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் வரலாம். அதற்கு மேல் போனால் வாசிப்பவர் பிப்பை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நம் ஊர்க் கதையைத் தனியாக எழுத வேறு இடம் இருக்கிறது, அதை எழுதவும் வேண்டும்.

இந்த நோக்குக்கு எட்டாத இடங்களும் உண்டு, அவற்றை ஒரு பந்தியில் நேராக ஒப்புக்கொள்ளுங்கள். ஓர்லிக்கின் அடி விழுந்தது ஒரு பெண்ணின் தலையில். கூலியை வீணாக்காதே என்று கத்திய அவருக்கும் அந்தப் பட்டறையில் சொந்தமாக ஒன்றுமில்லை, எல்லாம் கணவனுடையது. அவர் தாக்கப்பட்டதை வர்க்கக் கோபம் என்று மட்டும் விளக்கினால் அடி வாங்கியவரை இரண்டாம் முறையும் பேசவிடாமல் செய்ததாகிவிடும். பிடி என்ற இளம்பெண்ணை ஓர்லிக் பின்தொடரும் விதமும் கூலிக் கணக்கில் அடங்காது. நீங்களே இதைச் சொல்லிவிட்டால், பரீட்சகர் சொல்வதற்கு முன் உங்கள் வாதம் தன் எல்லையை அறிந்து நிற்கும். ஓர்லிக்கைப் புரட்சிக்காரனாக்கவும் வேண்டாம். அவர் யாரோடும் சேரவில்லை, எதையும் மாற்றக் கேட்கவில்லை, தனக்கும் அரைநாள் வேண்டும் என்றுதான் கேட்டார்.

நடைமுறையில் ஒரு விஷயம். இந்த நாவலின் சில பதிப்புகளில் அத்தியாய எண் 1 முதல் 59 வரை தொடர்ந்து போகும். வேறு சிலவற்றில் மூன்று பாகமாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்திலும் 1இலிருந்து தொடங்கும். முதல் பாகத்தில் 19, மற்ற இரண்டிலும் இருபது இருபது. நான் மேலே கொடுத்தவை தொடர் எண்கள். உங்கள் கையில் இருப்பது பாகம் பிரித்த பதிப்பென்றால் 39 என்பது இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயம், 53 என்பது மூன்றாம் பாகத்தின் 14. புது வரைவு தொடங்கும் முன் 15, 16, 29, 30, 53 ஆகியவற்றை மட்டும் ஒரே இருப்பில் வாசித்து, ஓர்லிக் வாய் திறக்கும் ஒவ்வொரு வரியையும் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 16இல் அவர் பேசுவதே இல்லை, ஆனால் விழுந்தவருக்குப் பக்கத்தில் கிடந்தது ஒரு கைதியின் அறுத்த கால்விலங்கு. அது மேக்விச்சினுடையது, அறுக்க அரம் கொண்டுபோய்க் கொடுத்தவன் பிப். கூலியாளையும் கைதியையும் கனவானாகப்போகும் பையனையும் ஒரே இரும்புத் துண்டால் நாவலே இணைத்துவைத்திருக்கிறது. உங்கள் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வரவேண்டிய பந்தியை அங்கிருந்து எழுதுங்கள்.